சாக்ஸ் பள்ளியில்தான் காலில் ஏற வேண்டும்: சென்னை மழைக்குப் பிள்ளைகளின் காலணி

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு மாலை, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாதம் வெள்ளை வெளேரென்று, நாள் முழுக்கத் துணி துவைத்த கையைப் போலச் சுருங்கியிருந்தது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் மெல்லிதாகப் பிளந்திருந்தது. காலை ஏழே முக்காலுக்கு, வேன் நிற்கும் முனையில் ஒரு குட்டையைத் தாண்டும்போது நனைந்த சாக்ஸ் அது. மாலை நான்கு மணி வரை அதையேதான் போட்டிருந்திருக்கிறாள். அழவில்லை, சொல்லவும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு, மழைக்காலத்தில் கால் ஈரமாக இருப்பதுதான் வழக்கம் என்று பட்டிருக்கிறது.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் செய்து பார்த்ததை, இந்த ஆண்டு முதல்முறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். அக்டோபர் மத்தியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை எங்கள் தெரு எப்போது குளமாகும் என்று சொல்ல முடியாது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. நாள் முழுக்கத் தூறும் மழை அல்ல இது. ஒரு மணி நேரம் கொட்டும், தெரு நிறையும், பிறகு வெயிலே அடிக்கும். தெருவில் நிற்கும் தண்ணீர் மட்டும் வடியாது. பிள்ளையின் காலை நனைப்பது பெரும்பாலும் மேலிருந்து விழும் மழை அல்ல, கீழே தேங்கிய தண்ணீர். காலணி வாங்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி ஷூவும் கம்பூட்ஸும் ஏன் உதவுவதில்லை

வழக்கமான கறுப்பு ரெக்ஸின் ஷூவை ஒரு கிண்ணமாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேல்வாய் வழியாகவும் தையல் ஓட்டைகள் வழியாகவும் உள்ளே போகும். சோல் முழுக்க ஒட்டப்பட்டிருப்பதால் கீழே இறங்க வழி இல்லை. உள்ளே மூன்று பஞ்சுகள் அதை உறிஞ்சக் காத்திருக்கின்றன: இன்சோலில் இருக்கும் நுரை, ஷூவின் உள்துணி, பருத்திச் சாக்ஸ். இந்த ஈரம் ஆவியாகப் போவதற்குக் கணுக்காலைச் சுற்றி இருக்கும் சின்ன இடைவெளி மட்டுமே. பிள்ளை உட்கார்ந்திருக்கும் எட்டு மணி நேரத்தில் அது காய வாய்ப்பே இல்லை.

இதற்கு மாற்று என்று நான் முதலில் வாங்கியது முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ். “ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது” என்றார் கடைக்காரர். சோல் வழியாகப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை போட்டிருப்பது முட்டிவரை வரும் பாவாடை. மழைக்கோட்டின் ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் முழங்காலில் விழுந்து, கெண்டைக்கால் வழியாக ஓடி, நேராகப் பூட்ஸுக்குள் இறங்கியது. அரைக்கால் சட்டை போடும் பையன்களுக்கும் இதேதான் நடக்கும். வகுப்பில் போய்க் கழற்றிக் கவிழ்த்தால் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது என்று ஆசிரியை நாட்குறிப்பில் எழுதி அனுப்பினார். முழுநீளக் கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட்டுக்கொண்டு சேற்று நிலத்தில் சிறிது நேரம் நடப்பவர்களுக்கு அது நல்ல காலணி. சீருடைப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை.

ஷூவுக்கு மேல் மாட்டும் சிலிக்கான் உறைகளும் கடைகளில் கிடைக்கின்றன. தூறலுக்குப் போதும். கணுக்கால் அளவு தண்ணீரில் மேல்வாய் வழியாகவே நிறைந்துவிடும். ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்கவும் செய்கிறது. சாக்ஸுக்கு மேல் பாலித்தீன் கவரைச் சுற்றி ஷூ போடுவது என் அம்மா காலத்து வழி. அதில் வெளி ஈரம் வராது, வியர்வை ஈரம் வெளியேயும் போகாது.

எனவே தண்ணீரைத் தடுக்கும் முயற்சியைக் கைவிட்டேன். கால் நனையட்டும், நனைந்த தண்ணீர் உடனே வெளியேற வேண்டும், துடைத்தால் காய்ந்துவிட வேண்டும். சாக்ஸ் அந்தப் பயணத்தில் இருக்கவே கூடாது. வெறுங்காலில் மழைச் செருப்பு, பள்ளிக்குப் போனபின் காலைத் துடைத்து உலர்ந்த சாக்ஸ். இனி வருவதெல்லாம் இதைச் செய்யும் விதம்தான்.

முதலில் பள்ளியிடம் கேளுங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். மழைக்காலத்தில் மட்டும் செருப்பு போட அனுமதிக்கும் பள்ளிகள் பல உண்டு. சில கறுப்பு நிறமாக இருக்க வேண்டும் என்கின்றன, சில பின்பட்டை இருக்க வேண்டும் என்கின்றன. அனுமதி இருந்தால் நாள் முழுக்க அதே செருப்பு போதும், சாக்ஸே வேண்டாம். வகுப்பில் ஷூ கட்டாயம் என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: நவம்பர் மாதம் மட்டும் ஒரு ஜோடி ஷூவை வகுப்பறை அலமாரியிலேயே வைத்துவிடலாமா? எங்களுக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது. ஷூவைப் பையில் சுமந்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோ கூடுகிறது. சென்ற ஆண்டு ஷூவை அங்கே வைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். இந்த வயதில் ஓர் ஆண்டில் கால் ஒரு சைஸாவது வளர்ந்திருக்கும்.

கடையில் என்ன பார்ப்பது

இரண்டு வகை நமக்குப் பொருந்தும். ஒன்று, க்ராக்ஸ் என்று எல்லோரும் பொதுவாக அழைக்கும் நுரை ரப்பர் காலணி, பின்பட்டையோடு. மற்றொன்று, ஃப்ளோட்டர்ஸ் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தரும் பட்டை வைத்த செருப்பு. முதல் வகையின் நுரையில் இருக்கும் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. அதனால் அது தண்ணீரைக் குடிப்பதில்லை. துணியால் ஒருமுறை துடைத்தாலே காய்ந்துவிடும். இன்சோலின் நுரை அப்படி அல்ல, அது பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் போன்றது. இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரியும்: முதலாவதில் சொட்டு உருண்டு நிற்கும், இரண்டாவதில் கறையாகப் பரவி மறையும்.

ஃப்ளோட்டர்ஸ் வாங்கினால் பட்டையைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். காலை உறுத்தாமலிருக்க மெத்தென்று துணியும் நுரையும் வைத்துத் தைத்திருப்பார்கள். கடையில் தொட்டால் சுகமாக இருக்கும். மழையில் அதுதான் ராத்திரி முழுக்கக் காயாத இடம். பள்ளிப் பையின் தோள்பட்டையில் இருப்பது போன்ற நைலான் நாடாவாக இருந்தால் சீக்கிரம் காயும். வெல்க்ரோ வைத்த பட்டை, சின்னப் பிள்ளைகளுக்குக் கொக்கியைவிட எளிது. அதில் மண் அடைந்தால் ஒட்டாது என்பதால் வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட வேண்டும்.

அடுத்து ஓட்டைகள். பெரும்பாலான நுரைக் காலணிகளில் ஓட்டைகள் விரல்களுக்கு மேலே இருக்கும். அவை காற்றுக்காக வைத்தவை. தண்ணீர் வெளியேற வேண்டுமானால் பக்கவாட்டில், பாதம் வைக்கும் மட்டத்துக்கு நெருக்கமாக ஓட்டைகள் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும், வெளியே போட்டு நடப்பதற்கு முன், குளியலறையில் ஒரு சோதனை செய்யுங்கள். காலணியைத் தரையில் சமமாக வைத்து அரை மக் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். பத்து எண்ணுங்கள். பிறகு விரல் நுனி வரும் இடத்தில் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்கி நின்றால், பிள்ளை நடக்கும் ஒவ்வோர் அடியிலும் சளக் சளக்கென்று சத்தம் கேட்கும், விரலிடுக்கு ஊறும். விரல் ஈரமாவதோடு நின்றால் அந்தக் காலணி நல்லது. நான் வாங்கிய முதல் ஜோடி இந்தச் சோதனையில் தோற்றது, பில் இருந்ததால் மாற்றிக்கொண்டேன்.

பிடிமானத்தையும் அதே குளியலறையில் பார்க்கலாம். ஈரமான டைல்ஸ் மேல் காலணியை வைத்து, உள்ளே கையை விட்டு அழுத்தியபடி முன்னே தள்ளுங்கள். சறுக்கிக்கொண்டு போனால் பள்ளி வராந்தாவிலும் அப்படித்தான் சறுக்கும். அடியில் உள்ள கோடுகள் ஓரம் வரை திறந்திருக்க வேண்டும். நடுவிலேயே முடிந்துவிடும் அலங்காரக் கோடுகளில் தண்ணீர் போக வழி இருக்காது. தேய்ந்து மழமழவென்று ஆன பழைய செருப்பை மழைக்குப் போடட்டும் என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழைக்குத்தான் நல்ல அடி வேண்டும்.

சைஸ் விஷயத்தில், வளரும் பிள்ளை என்று பெரிதாக வாங்கக் கூடாது. ஈரக்கால் உள்ளே வழுக்கும், சேறு காலணியை இழுத்துக்கொள்ளும். நிற்கும்போது விரல் நுனிக்கு முன்னால் அரைக் கட்டைவிரல் இடம் இருந்தால் போதும். முன்பக்கம் மூடியதாகவே வாங்குங்கள்; தண்ணீருக்கு அடியில் கல், கண்ணாடி, கம்பி எது இருக்கிறது என்று தெரியாது. இன்னொன்று: மென்மையான நுரைக் காலணியின் ஓரம் நகரும் படிக்கட்டில் சிக்கி இழுக்கப்படும் ஆபத்து உண்டு. ரயில் நிலையம் வழியாகப் போகும் பிள்ளைகளை நடுவில் நிற்கவோ சாதாரணப் படியில் ஏறவோ பழக்குங்கள்.

சாக்ஸும் சிறு பையும்

பருத்திச் சாக்ஸுதான் உடம்புக்கு நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். வெயில் காலத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு நாள் பருத்திச் சாக்ஸையும் பாலியஸ்டர் கலந்த சாக்ஸையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். என் மகளின் பருத்திச் சாக்ஸ் ஜோடி உலர்ந்தபோது 38 கிராம். நனைத்து நன்றாகப் பிழிந்தபின் 84 கிராம். பாலியஸ்டர் கலந்த மெல்லிய ஜோடி 30 கிராம், பிழிந்தபின் 47. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறது. பாலியஸ்டர் இழை வாங்குவதில்லை, இழைகளுக்கு நடுவே நிற்பதுதான் அதன் ஈரம். மழைக்காலத்துக்கு மட்டும், கலப்பு இழையில், மெல்லியதாக, கணுக்கால் அளவுச் சாக்ஸ் நான்கு ஜோடி வாங்கினேன். வழியிலும் சாக்ஸ் போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லும் பள்ளியாக இருந்தாலும் இந்த வகையைப் போட்டு அனுப்பி, உள்ளே போனதும் மாற்றச் சொல்லுங்கள்.

பள்ளிப் பையோடு கொடுத்தனுப்பும் சிறு பைக்குள் வைப்பது மிகக் கொஞ்சம். அழுத்தி மூடும் பிளாஸ்டிக் உறையில் இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸ், கால் துடைக்க ஒரு துணி, ஈரச் செருப்பை வைக்க ஒரு கவர். துணிக்கு டர்க்கித் துண்டு வேண்டாம்; கனம், காயவும் நேரமாகும். என் மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்து, கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆறு துண்டுகள் போட்டு வைத்தேன். பலமுறை துவைத்து மெலிந்த வேட்டித் துணிபோல ஈரத்தை இழுக்கும் துணி வேறில்லை. மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பிள்ளைக்குத் துடைக்கத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். பாதத்தின் மேலும் கீழும் துடைப்பார்கள், விரலிடுக்கை விட்டுவிடுவார்கள். புண் வருவதோ அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நனைத்துவிட்டு, ஒவ்வொரு இடுக்கிலும் துணியை நுழைத்து இழுக்கச் சொல்லி மூன்று முறை பழக்கினேன். முதல்முறை ஏழு நிமிடம் ஆயிற்று, மூன்றாம் முறை நான்கு.

ஒரு நாள் எப்படிப் போனது

நவம்பர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. விடுமுறை அறிவிப்பு வருமா என்று ஆறு மணியிலிருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் மாவட்டத்துக்கு வரவில்லை. ஏழரைக்கு வாசலில் கணுக்காலுக்குச் சற்று மேல் தண்ணீர். மகள் வெறுங்காலில் நுரைக் காலணி போட்டுக்கொண்டாள். வேன் வரை நூற்றைம்பது அடி நடந்தோம். வேனில் ஏறியதும் காலணியில் இருந்த தண்ணீர் பக்க ஓட்டைகள் வழியே வடிந்துவிட்டது. பள்ளியில் படிக்கட்டில் உட்கார்ந்து காலைத் துடைத்து, வகுப்பில் இருந்த ஷூவோடு உலர்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். ஈரக் காலணியைக் கவரில் வைத்து, கவரின் வாயைக் கட்டாமல் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். கட்டினால் மாலையில் திறக்கும்போது நாறும்.

பதினொன்றரைக்கு இடைவேளையில் விளையாட்டு மைதானத்து ஓரம் போய் ஷூவை நனைத்துக்கொண்டாளாம். இரண்டாவது ஜோடி சாக்ஸ் இதற்காகத்தான். மாலை வீட்டுக்கு வந்தபோது கால் தொட்டால் வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தது. தோல் சுருங்கவில்லை.

நனைந்த ஷூவை ஒரே ராத்திரியில் காயவைப்பது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் ஷூ நனைந்து வந்துவிடும். நவம்பர் ராத்திரியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், வாசலில் வைத்தால் காலையிலும் வைத்தபடியே ஈரமாக இருக்கும். முதல் வேலை இன்சோலை உருவி எடுப்பது. ஒட்டியிருந்தாலும் மெதுவாக நெம்பினால் பெரும்பாலும் வந்துவிடும். அதைத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நில்லுங்கள். சாக்ஸுக்கும் இதே முறைதான்: துண்டில் சுருட்டி மிதித்தபின் கொடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

பிறகு ஷூவின் நாடாவைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, செய்தித்தாளைக் கசக்கி முனை வரை திணியுங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, திணித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவது. தாள் அரை மணி நேரத்தில் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும். அதற்குப்பின் அதுவே ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு தடவை மாற்றிவிட்டு, பிறகு தாளே இல்லாமல், டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து ஷூவின் வாயை அதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். உலர்ந்தபோது 240 கிராம் இருந்த ஒற்றை ஷூ, நனைந்து 330 ஆனது. இன்சோலை எடுக்காமல் மின்விசிறிக்குக் கீழே வைத்த ராத்திரி, காலையில் 285. மேலே சொன்னபடி செய்த ராத்திரி 250. அந்த மீதிப் பத்து கிராமை உலர்ந்த சாக்ஸ் தாங்கிக்கொள்ளும்.

அடுப்பு பக்கத்தில் வைக்காதீர்கள். சோலை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகிவிடும். இரண்டே வாரத்தில் முன்பக்கம் வாயைப் பிளக்கும். ரெக்ஸினும் வெடிக்கும்.

காலை எப்படிப் பார்ப்பது

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் வரை சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அரை மணி நேரம் எதுவும் போடாமல் விட்டுவிடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெயோ பவுடரோ போட வேண்டாம். பவுடர் களிபோலக் கட்டிக்கொண்டு இடுக்கிலேயே நிற்கும். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் சில மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். மறுநாளும் விரலிடுக்கு வெண்மையாக ஊறியிருந்தாலோ, அரிப்போ பிளவோ துர்நாற்றமோ இருந்தாலோ அது பூஞ்சையால் வரும் சேற்றுப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி அவர் எழுதித் தரும் களிம்பைப் போடுங்கள். மருந்துக் கடையில் கேட்டவுடன் தரும் கலவைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்கியதுபோல் தெரியும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும்.

தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சல் தொற்றலாம். ஓட்டை வைத்த மழைக் காலணி இதைத் தடுக்காது. ஆகவே ஆறாத காயம் உள்ள நாளில் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் லீவு போடுங்கள். தண்ணீரில் நடந்த ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மழைத் தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

தண்ணீர் பிள்ளையின் கெண்டைக்கால் பாதிக்கு மேல் வந்தாலோ, தரை தெரியாமல் கலங்கியிருந்தாலோ, தெருவில் மழைநீர் வடிகால் மூடி திறந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டாலோ, எந்தக் காலணியும் போதாது. அன்று அனுப்பக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலையில் அந்தச் சிறு பையைத் தலைகீழாகக் கொட்டிவிடுங்கள். போட்டு மறந்த ஈரத் துணி ஒன்று அடியில் இருக்கும். அது திங்கட்கிழமை வரை உள்ளே இருந்தால், பக்கத்தில் உள்ள உலர்ந்த சாக்ஸும் அதே வாடையோடுதான் பிள்ளையின் காலில் ஏறும்.